பேட்டரி, வாசனைத் திரவியம், ஸ்பிரே: பார்சல் பாதி வழியில் நிற்காமல் அனுப்புவது எப்படி?

இணையத்தில் சிறிய அளவில் விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இப்படி நினைக்கிறார்கள்: கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருள்தானே, உள்நாட்டுக்குள்தானே போகிறது, இதில் என்ன தடை இருக்க முடியும்? ஒரு ட்ரிம்மரையோ வாசனைத் திரவியப் புட்டியையோ பெட்டியில் போட்டு ஒட்டி, கூரியரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் சில பார்சல்கள் போய்ச் சேர்ந்தும் விடுகின்றன. பிறகு ஒரு நாள் ஒரு பார்சல் ஏதோ ஒரு பெரிய கிடங்கில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அதன் நிலை மாறுவதே இல்லை. கடைசியில் அது அனுப்பியவருக்கே திரும்பி வரும், அல்லது அழிக்கப்பட்டதாகத் தகவல் வரும். அதே பொருள், அதே பெட்டி, அதே கூரியர். முன்பு போனது இப்போது ஏன் போகவில்லை?

பெரும்பாலான நேரங்களில் காரணம் ஒன்றுதான். முன்பு போனவை லாரியில் போயின, இது விமானத்துக்கு அனுப்பப்பட்டது. விமானத்தில் ஏறும் முன் ஊடுகதிர்ச் சோதனை உண்டு. அங்கே பேட்டரியும் ஸ்பிரே டப்பாவும் திரையில் தெளிவாகத் தெரியும். அதனால் இந்த வகைப் பொருளைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இதை அனுப்பலாமா?" என்பதல்ல. "இது தரைவழியாகப் போகுமா, வான்வழியாகப் போகுமா?" என்பதுதான். மற்ற எல்லாம் இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தே அமையும்.

முதலில் வழியை உறுதி செய்யுங்கள்

கூரியர் நிறுவனங்கள் சேவைகளுக்கு வைக்கும் பெயர்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். மிக நீண்ட தூரத்துக்கு ஓரிரு நாளில் சேர்ப்பதாகச் சொல்லும் எந்தச் சேவையும் ஏதோ ஒரு கட்டத்தில் விமானத்தைத் தொடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த, நாள் கூடுதலாக எடுக்கும் தரைவழிச் சேவையே உங்களுக்கு ஏற்றது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நிறுவனங்கள் சாலை வண்டி நிரம்பிவிட்டால் தரைவழிப் பார்சலையும் விமானத்தில் ஏற்றிவிடும். வேகமாகச் சேர்வது வாடிக்கையாளருக்கு நல்லதுதானே என்பது அவர்கள் கணக்கு. ஆகவே "உங்கள் தரைவழிச் சேவை முழுவதும் தரைவழிதானா, எந்தச் சூழலிலும் விமானத்துக்கு மாற்றப்படாதா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பார்சலை வாங்கிக்கொள்ளும் முகவர் வாயால் "போகும்" என்று சொல்வது போதாது. பார்சல் தடுக்கப்படும்போது பேசப்படுவது ஒப்பந்தமும் அதன் பின்னிணைப்பாக வரும் தடைப் பட்டியலும்தான்.

பல கூரியர்களை ஒரே இடத்தில் இணைத்துத் தரும் தளங்களைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு ஆர்டருக்கும் எது மலிவோ அந்தக் கூரியரைத் தளமே தேர்ந்தெடுத்துவிடும். உங்கள் பொருளில் பேட்டரி இருப்பது அதற்குத் தெரியாது. பொருள் விவரத்தில் அபாயப் பொருள் என்ற தெரிவு இருந்தால் அதைக் குறியுங்கள். இல்லையென்றால் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அந்தப் பொருட்களுக்கு மட்டும் நிறுத்திவிட்டு, கூரியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தீவுகள், மலைப்பகுதிகள் போல விமானம் மட்டுமே எட்டும் முகவரிகளின் அஞ்சல் குறியீடுகளை இந்தப் பொருட்களுக்கு முன்கூட்டியே அடைத்துவிடுவது நல்லது. பணம் வாங்கிய பிறகு அனுப்ப முடியாது என்று சொல்வதைவிட, ஆர்டரே விழாமல் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

கூரியர்கள் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கிறார்கள் என்று பலர் குறைப்படுகிறார்கள். அது உண்மைதான். சட்டம் அனுமதிப்பதை ஏற்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. அதன் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன. விமானம் நொறுங்கி விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரி ஒன்று சூடேறித் தீப்பிடித்தால் அருகில் உள்ளவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். லாரியை ஓரமாக நிறுத்த முடியும், நடுவானில் விமானத்தை நிறுத்த முடியாது.

பேட்டரி: எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்

ரிமோட்டில் போடும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் பெரிய தொல்லை தருவதில்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடி அனுப்பினால் போதும். விதிகள் குறிவைப்பது லித்தியம் பேட்டரிகளை. அவற்றில் இரண்டு இனம் உண்டு. மீண்டும் சார்ஜ் செய்யக்கூடியது லித்தியம் அயன். கடிகாரத்திலும் சிறு பொம்மையிலும் வரும் நாணயம் போன்ற தட்டைப் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் மெட்டல்.

லித்தியம் அயன் பேட்டரி மூன்று நிலைகளில் பயணிக்கலாம். கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கலாம், கருவியோடு அதே பெட்டியில் தனியாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கருவியே இல்லாமல் பேட்டரி மட்டும் போகலாம். அபாயப் பொருட்களை அடையாளம் காட்ட ஐ.நா. தந்திருக்கும் எண் முதல் இரண்டுக்கும் UN3481. மூன்றாவதற்கு UN3480. சிறு விற்பனையாளருக்கு இவற்றுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. தனியாகப் போகும் பேட்டரி பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் போவதென்றாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது, அதோடு பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட அபாயப் பொருள் அறிவிப்பும் வேண்டும். நடைமுறையில் சிறு விற்பனையாளருக்கு அந்தக் கதவு மூடியதுதான்.

பவர் பேங்க் விற்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். பிளாஸ்டிக் உறையும் பொத்தானும் திரையும் இருப்பதால் அதை ஒரு கருவியாக நினைத்துவிடுகிறார்கள். போக்குவரத்து விதிகளின் பார்வையில் பவர் பேங்க் என்பது தனியாகப் போகும் பேட்டரி. ஆகவே அதற்குத் தரைவழிதான்.

அடுத்தது பேட்டரியின் அளவு. அதை வாட் மணியில் கணக்கிட வேண்டும். பேட்டரியின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தால் கணக்குத் தேவையில்லை. இல்லையென்றால் வோல்ட்டையும் மில்லி ஆம்பியர் மணியையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும்:

```
Wh = V × mAh ÷ 1000
```

10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பேட்டரியின் மின்னழுத்தம் வழக்கமாக 3.7 வோல்ட். 37 வாட் மணி வருகிறது. உறையில் 5 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை வைத்துப் பெருக்காதீர்கள். அது வெளியே கொடுக்கும் மின்னழுத்தம். எளிய விதிகளின்கீழ் அனுப்ப, பேட்டரி 100 வாட் மணியைத் தாண்டக் கூடாது. அது ஒற்றைச் செல்லாக இருந்தால் 20 வாட் மணிதான் உச்சம். சந்தையில் 26,800 என்ற விசித்திரமான எண்ணோடு பவர் பேங்க்குகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 3.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 99.16 வரும். நூறுக்குள் அடங்க வேண்டும் என்றே அந்த அளவு. 30,000 என்றால் 111 ஆகிவிடும். அதை எளிய விதிகளில் அனுப்ப முடியாது, முழு அபாயப் பொருளாகக் கருதப்படும்.

உங்களுக்குப் பொருளைத் தரும் மொத்த விற்பனையாளரிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஐ.நா. சோதனைகளில் 38.3 என்ற பிரிவில் பேட்டரி தேறியதற்கான சோதனைச் சுருக்கம் அது. 2020 முதல் உற்பத்தியாளர்கள் கேட்பவருக்கு இதைக் கிடைக்கச் செய்ய வேண்டும். கூரியர் நிறுவனம் எந்த நேரமும் இதைக் கேட்கலாம். தாளில் உள்ள மாடல் எண் உங்கள் கையில் உள்ள பேட்டரியின் மாடல் எண்ணோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். வேறு பேட்டரியின் தாளை அனுப்பிவிடும் மொத்த விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். தாளே இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்தப் பொருளை விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. சோதிக்கப்படாத பேட்டரியை எந்த வழியிலும் அனுப்பக் கூடாது.

கட்டும்போது மூன்றைக் கவனியுங்கள். கருவி தானாக இயங்கத் தொடங்கக் கூடாது, ஆகவே பொத்தானைப் பூட்டுங்கள் அல்லது அழுந்தாதபடி அட்டை வைத்து மறையுங்கள். தனிப் பேட்டரியின் முனைகளை டேப்பால் மூடுங்கள் அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் இடுங்கள். தனிப் பேட்டரியோ கருவியோடு சேர்ந்த பேட்டரியோ உள்ள பெட்டி, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் உள்ளிருப்பது சேதமாகாமலும் இடம் மாறாமலும் தாங்க வேண்டும். மாதிரிப் பெட்டி ஒன்றை மேசை உயரத்துக்கும் சற்று மேலிருந்து போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெட்டியின் வெளியே ஒட்ட வேண்டியது சிவப்புக் கோடிட்ட ஓரம் கொண்ட பேட்டரிக் குறி. அதன் நடுவே பேட்டரிகளின் படமும், கீழே ஐ.நா. எண்ணும் இருக்கும். அளவு 100 மில்லிமீட்டருக்கு 100. பெட்டி சிறியதென்றால் 100-க்கு 70 வரை குறைக்கலாம். ஒரு சலுகையும் உண்டு. கருவிக்குள் பொருத்தப்பட்ட பேட்டரிகள் ஒரு பெட்டியில் இரண்டுக்கு மேல் இல்லாமல், ஒரு முறை அனுப்பும் சரக்கில் இரண்டு பெட்டிகளுக்கு மேல் இல்லாமல் இருந்தால் இந்தக் குறி கட்டாயமில்லை. தட்டைப் பேட்டரி மட்டும் உள்ளே இருக்கும் கருவிக்கும் கட்டாயமில்லை. எனினும் உங்கள் கூரியர் குறியைக் கேட்டால் ஒட்டிவிடுங்கள்.

திரவமும் ஸ்பிரேயும்

திரவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது எரியுமா என்பது. உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் பதினாறு பிரிவுகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்பதாம் பிரிவில் தீப்பற்று வெப்பநிலை இருக்கும். அது 60 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ என்றால் பொதுவாக எரியும் திரவம். பதினான்காம் பிரிவில் போக்குவரத்துக்கான ஐ.நா. எண்ணே கொடுக்கப்பட்டிருக்கும். கட்டுப்பாடு இல்லை என்று அங்கே எழுதியிருந்தால், கசியாமல் கட்டுவது மட்டுமே உங்கள் வேலை. சாராயக் கலவையில் செய்யும் வாசனைத் திரவியம், நகச்சாயம், அதை அழிக்கும் திரவம், கைச்சுத்திகரிப்பான் எல்லாம் எரியும் வகை. தூய எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 13 டிகிரிதான். அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஸ்பிரேயில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தும்போது குழாய் வழியாகத் திரவத்தை இழுத்துத் தெளிக்கும் புட்டி வெறும் திரவம்தான். அழுத்தத்தில் அடைத்த வாயு உள்ளே இருக்கும் உலோக டப்பாதான் ஏரோசால். அதன் எண் UN1950. அழுத்திப் பிடித்தால் விடும்வரை தொடர்ந்து பீறிடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சவர நுரை டப்பாகூட ஏரோசால்தான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடேறினால் டப்பா வெடிக்கலாம் என்பதால்தான் அதன் மேல் 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது.

எரியும் திரவமும் ஏரோசாலும் விமானத்தில் போக வேண்டுமென்றால் பயிற்சி, கையெழுத்திட்ட அறிவிப்பு, கூரியரின் சிறப்பு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். அதை மறந்துவிடுங்கள். தரைவழிக்கு மட்டும் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. வரையறுக்கப்பட்ட அளவு என்பது அதன் பெயர். சில்லறை விற்பனைக்கு வரும் சிறு புட்டிகளும் டப்பாக்களும் உறுதியான வெளிப்பெட்டிக்குள் இருந்தால், மிக எளிய விதிகளோடு அவை போகலாம். ஏரோசால் டப்பா ஒவ்வொன்றும் 1 லிட்டருக்குள் இருக்க வேண்டும். வாசனைத் திரவியத்துக்கு 5 லிட்டர் வரை இடமுண்டு. மற்றத் திரவங்களுக்கு வகையைப் பொறுத்து அளவு குறையலாம். மொத்தப் பெட்டி 30 கிலோவைத் தாண்டக் கூடாது. வெளியே ஒரு குறி ஒட்ட வேண்டும். வைர வடிவில் நிற்கும் சதுரம், மேல் முனையும் கீழ் முனையும் கறுப்பு, நடுப்பகுதி வெள்ளை. அவ்வளவுதான், எழுத்து எதுவும் கிடையாது. பல நாடுகளின் சாலை விதிகள் இந்த ஐ.நா. அளவுகளைத் தழுவியே எழுதப்பட்டவை. இருந்தாலும் உங்கள் நாட்டு விதியையும் கூரியரின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தில் இந்த வாசல் திறந்திருந்தும், வரையறுக்கப்பட்ட அளவுப் பொருளை முன் ஒப்பந்தம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

கசிவைப் பொறுத்தவரை, எரியாத எண்ணெயும் ஷாம்புவும்கூடக் கூரியரின் கோபத்துக்கு ஆளாகும். ஒரு புட்டி கசிந்தால் அதே மூட்டையில் உள்ள மற்றவர் பார்சல்களும் பாழாகும், இழப்பீடு உங்கள் தலையில் விழும். புட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும். மூடியை இறுக்கி, அதைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு ஒரு மாதிரிப் புட்டியைத் தாளில் சுற்றி, தலைகீழாக ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாளில் சின்னக் கறை இருந்தாலும் அந்த மூடி பயணத்துக்கு உதவாது. தேறிய புட்டியை மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையில் இட்டு, உறிஞ்சும் தாள் வைத்து, பிறகு பெட்டிக்குள் நிறுத்துங்கள். ஏரோசால் டப்பாவுக்கு அழுத்தும் பொத்தானின் மேல் மூடி கழன்றுவிடாமல் இருப்பதே முக்கியம்.

ஒரு பரிசுப் பெட்டியை அனுப்பிப் பார்ப்போம்

ஒரு விற்பனையாளர் மூன்று பொருள் அடங்கிய பரிசுப் பெட்டி விற்கிறார். சார்ஜ் செய்யும் ட்ரிம்மர், 100 மில்லி வாசனைத் திரவியம், 150 மில்லி டியோடரண்ட் ஏரோசால்.

ட்ரிம்மரின் பேட்டரி 3.7 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் 2.22 வாட் மணி. ஒற்றைச் செல்லுக்கான 20-க்கு மிகவும் கீழே. கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டது, ஒன்றே ஒன்று. ஆகவே UN3481, பேட்டரிக் குறி கட்டாயமில்லை. ட்ரிம்மர் மட்டும் ஒரு பார்சலாகப் போனால் பல கூரியர்கள் இதை விரைவுச் சேவையிலும் ஏற்பார்கள். வாசனைத் திரவியம் UN1266, எரியும் திரவம். புட்டி விரலால் அழுத்தித் தெளிக்கும் வகை, ஆகவே ஏரோசால் அல்ல. டியோடரண்ட் UN1950. இரண்டும் வரையறுக்கப்பட்ட அளவுக்குள் வசதியாக அடங்குகின்றன.

மூன்றையும் ஒரே பெட்டியில் அனுப்பினால் முழுப் பெட்டியும் தரைவழிக்கு மட்டுமே உரியதாகிவிடும். வெளியே கறுப்பு முனை கொண்ட வைரக் குறி ஒட்ட வேண்டும். விதி இதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரே பெட்டியில் பேட்டரியும் எரியும் பொருளும் இருப்பதைக் கூரியரின் பட்டியல் மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுத்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான். வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுக்கும்போதே இரண்டு பார்சல் வரும், வாசனைப் பொருட்கள் சில நாள் தாமதமாகும் என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லை. நானாக இருந்தால் எப்போதும் பிரித்தே அனுப்புவேன். ஒன்று தடுக்கப்பட்டால் மற்றொன்றும் சேர்ந்து முடங்காது.

பொருள் விவரத்தில் "பரிசு" என்றோ "அழகுப் பொருட்கள்" என்றோ எழுதக் கூடாது. அப்படி எழுதிய பெட்டியில் ஊடுகதிர்ச் சோதனையில் உலோக உருளையும் பேட்டரியும் தெரிந்தால் மறைத்து அனுப்பியதாகவே கொள்வார்கள். கணக்கு முடக்கப்படும், காப்பீடும் கிடைக்காது. ட்ரிம்மர் பார்சலில் "மின் ட்ரிம்மர், லித்தியம் அயன் பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டது, 2.22 வாட் மணி, UN3481" என்று எழுதுங்கள். மற்றொன்றில் "வாசனைத் திரவியம் 100 மில்லி, டியோடரண்ட் ஏரோசால் 150 மில்லி, வரையறுக்கப்பட்ட அளவு, தரைவழி மட்டும்" என்று எழுதுங்கள்.

பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதிலுள்ள பழைய குறிகளை முழுதாக மறையுங்கள். சட்டை மட்டும் வைத்த பெட்டியில் பழைய பேட்டரிக் குறி இருந்தால் அதுவும் தடுக்கப்படும்.

அனுப்பிய பிறகு தடத்தைப் பாருங்கள். தரைவழிப் பார்சல் விமான நிலையக் கிடங்கு ஒன்றின் பெயரோடு பதிவாகியிருந்தால் உடனே கூரியரை அழைத்து, வரையறுக்கப்பட்ட அளவுப் பொருள், விமானத்தில் ஏற்றக் கூடாது என்று சொல்லித் திருப்பச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும் முடிவை அவர்கள் எடுக்கும் முன் நீங்கள் பேசிவிட்டால் பெரும்பாலும் வழி மாற்ற முடியும்.

பொருள் திரும்பி வரும்போது

நீங்கள் எல்லாம் சரியாகச் செய்து அனுப்பியிருப்பீர்கள். வாடிக்கையாளர் அதே பொருளைத் திருப்பும்போது எந்தக் கூரியரில், எந்தச் சேவையில் கொடுப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே திருப்பும் லேபிளை நீங்களே தரைவழிச் சேவையில் எடுத்து அனுப்புங்கள். கூடவே பேட்டரிக் குறியையும் கட்டும் முறையையும் நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். திறந்து பயன்படுத்திய வாசனைப் புட்டியையும் ஏரோசாலையும் திருப்பி வாங்குவதே வேண்டாம். படத்தை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பாதுகாப்பானது.

பேட்டரி பழுது என்று சொல்லித் திருப்பக் கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அது உப்பியிருக்கிறதா, சார்ஜ் ஏற்றும்போது மிகவும் சூடாகிறதா, நாற்றம் வருகிறதா, கசிகிறதா என்பதுதான். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது சேதமடைந்த பேட்டரி. அதை விமானத்தில் அனுப்ப முற்றிலும் தடை, தரைவழியில் அனுப்பவும் சிறப்புப் பெட்டியும் முழு விதிகளும் தேவை. சாதாரணக் கூரியர் அதை எடுக்காது, எடுக்கச் செய்யவும் கூடாது. சார்ஜ் செய்வதை நிறுத்தி, எரியும் பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, அருகில் உள்ள மின்கழிவு சேகரிப்பு மையத்தில் அதன் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும்படி வாடிக்கையாளருக்கு எழுதுங்கள். பொருளைக் கையில் வாங்காமலே மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்துவிடுங்கள். இப்படிச் சில பொருட்கள் கைவிட்டுப் போகும் என்பதை விலை வைக்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.